68,350 ரூபா வித்தியாசம்: நன்கொடை என்று போட்டு முடிக்கலாமா?

*ஐயா, எங்கள் ஊர்க் கல்வி நிதியத்துக்குக் கடந்த நவம்பரில் பொருளாளராக வந்தேன். 2024 டிசம்பர் 31 இல் காசேட்டின்படி வங்கியில் 412,640 ரூபா இருக்கவேண்டும். வங்கிக் கூற்றில் 480,990 இருக்கிறது. வித்தியாசம் 68,350. ஒக்டோபரில் லண்டனில் இருந்து 68,400 ரூபா வந்திருக்கிறது, அது காசேட்டில் இல்லை. "அதை நன்கொடை என்று போடுங்கோ, மிச்சம் 50 ரூபாவை வங்கிக் கட்டணம் என்று எழுதி முடியுங்கோ, கூட்டத்துக்கு நாள் இல்லை" என்கிறார் செயலாளர். பற்றுச்சீட்டுப் புத்தகங்களும் வவுச்சர் கோப்பும் என்னிடம் இருக்கின்றன. கதிரை வாடகை 4,000 ரூபாவுக்கான வவுச்சர் ஒன்று மட்டும் காசேட்டில் எங்கும் ஏறவில்லை. செயலாளர் சொன்னபடி முடிக்கலாமா? காசேடு, கூற்று, வைப்புச் சீட்டு, காசோலை அடிக்கட்டை எல்லாவற்றின் படங்களையும் அனுப்பியிருக்கிறேன்.*
*— பொருளாளர், களுவாஞ்சிகுடி*

முடிக்க வேண்டாம். லண்டன் காசை வரவில் எடுப்பது சரிதான். பிழை அந்த 50 ரூபாவில் இருக்கிறது.

நீங்கள் அனுப்பிய கூற்றை வருடம் முழுக்கப் பார்த்தேன். 50 ரூபா கட்டணம் என்று அதில் ஒரு வரியும் இல்லை. வங்கி அவ்வப்போது எடுத்த கட்டணங்களைக் கூட்டினால் 2,150 ரூபா வருகிறது, அதில் ஒரு சதமும் காசேட்டில் ஏறவில்லை. லண்டன் காசும் வங்கிக் கட்டணமும் மட்டும்தான் காரணம் என்றால் வித்தியாசம் 66,250 ஆக அல்லவா இருக்கவேண்டும்? இருப்பது 68,350. ஆக வேறு ஏதோ கூடியும் குறைந்தும் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டு கிடக்கின்றன. வித்தியாசம் என்பது எல்லாம் கழிபட்டு மிஞ்சிய தொகை. அது சின்னதாக இருப்பதால் உள்ளே இருப்பதும் சின்னது என்று ஆகாது. உங்கள் 50 ரூபாவுக்குள் ஒரு பக்கம் 50,000 ரூபாவும் மறுபக்கம் 50,050 ரூபாவும் இருக்கின்றன. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலில் வருடத்தின் ஆரம்பம். 2023 முடிவில் காசேட்டு மீதியையும் வங்கி மீதியையும் பொருத்திக் காட்டி எழுதிய வங்கி இணக்கக் கூற்றை எடுத்து, அதில் வங்கிக்கு வராமல் நின்ற காசோலைகள் 2024 ஜனவரியில் போயிருக்கின்றனவா என்று பார்க்கவேண்டும். உங்களுடையதில் நின்றவை இரண்டு, இரண்டும் போயிருக்கின்றன. ஆகவே பழைய வருடத்தின் கடன் எதுவும் இந்த வருடத்துக்குள் வரவில்லை. இதைப் பார்க்காமல் தொடங்கினால், மூன்று வருடத்துக்கு முந்திய பிழையை இந்த வருடப் பக்கங்களில் தேடிக் களைக்க நேரிடும்.

பிறகு காசேட்டின் வங்கி நிரலையும் கூற்றையும் பக்கத்தில் வைத்து, இரண்டிலும் இருப்பவற்றைப் பென்சிலால் சரி போட்டுக்கொண்டு போகவேண்டும். இதில் கல்வி நிதியங்களுக்கென்றே ஒரு பொறி உண்டு. நீங்கள் கொடுக்கும் உதவித்தொகைக் காசோலைகள் எல்லாம் தலைக்கு 10,000 ரூபா. தொகையைப் பார்த்துச் சரி போட்டால், ஒரு பிள்ளையின் காசோலைக்கு இன்னொரு பிள்ளையின் காசோலையைச் சரி போட்டுவிடுவீர்கள். மொத்தம் பொருந்தும், யாருடையது நிற்கிறது என்பது மட்டும் பிழையாக இருக்கும். காசோலை இலக்கத்தின் கடைசி மூன்று எண்ணை வைத்தே சரி போடுங்கள். காசேட்டில் இலக்கம் எழுதாத இடங்களில் அடிக்கட்டையைப் பார்த்து இப்போதே எழுதிவிடுங்கள்.

அப்படிச் செய்தபோது சரி படாமல் நின்ற 10,000 ரூபாக் காசோலைகள் ஐந்து. இந்த ஐந்தும் ஒரே இனம் இல்லை. மூன்று 2024 டிசம்பர் 16 திகதியிட்டவை. அவை வங்கிக்கு வர இன்னும் காலம் இருக்கிறது, அந்த 30,000 ரூபாவை இணக்கக் கூற்றில் "முன்னிலைப்படுத்தப்படாத காசோலைகள்" என்று காட்டினால் போதும், காசேட்டில் கை வைக்க வேண்டியதில்லை. மற்ற இரண்டும் மே 20 திகதியிட்டவை. எழுதிய திகதியில் இருந்து ஆறு மாதம் கடந்த காசோலைக்கு வங்கி காசு கொடுக்காது. நவம்பர் 20 உடன் அவற்றின் ஆயுள் முடிந்துவிட்டது. செத்த காசோலையை "இன்னும் வரவில்லை" என்ற பட்டியலில் வருடக்கணக்காகக் கொண்டு திரியும் சங்கங்களை இந்தப் பக்கம் நிறையவே பார்க்கலாம். அது இணக்கம் இல்லை. வராத ஒன்றை வரும் என்று எழுதிவைப்பது.

அந்த 20,000 ரூபாவைக் காசேட்டின் வரவுப் பக்கத்தில் திருப்பி எடுங்கள், விவரத்தில் பழைய காசோலை இலக்கங்களையும் "காலாவதி, இரத்து" என்பதையும் எழுதுங்கள். ஆனால் அதை வருமானமாகக் காட்டிவிடாதீர்கள். அந்தப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதாக நிர்வாக சபை தீர்மானித்த காசு அது, நிதியம் இன்னும் அவர்களுக்குக் கடன்பட்டே இருக்கிறது. "கொடுக்கவேண்டிய உதவித்தொகை 20,000" என்று பொறுப்புப் பக்கத்தில் வரவேண்டும்.

ஏன் மாற்றவில்லை என்றும் விசாரியுங்கள். இரண்டு பெயரும் வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைப் பிள்ளைகளுடையவை என்று குறித்திருக்கிறீர்கள். மண்டூர்ப் பக்கத்தில் இருந்து ஒரு தாய் குருமண்வெளித் துறைக்குப் பாதைப் படகில் ஏறி, களுவாஞ்சிகுடிக்கு வந்து காசோலையை நீட்ட, "இது கணக்கில்தான் போடலாம், பிள்ளையின் பெயரில் கணக்கு இருக்கா?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பியிருந்தால், அவர் இரண்டாம் முறை ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வருவாரா? நீங்கள் பெறுநர் கணக்குக்கு மட்டும் என்று குறுக்குக் கோடு போட்டது பாதுகாப்புக்கு நல்லதுதான். அப்படியென்றால் காசோலை எழுதுமுன்னரே யாருடைய பெயரில் கணக்கு இருக்கிறது, அடையாள அட்டையில் பெயர் எப்படி இருக்கிறது என்று கேட்டுக்கொள்ளவேண்டும். பழைய காசோலைகளைக் கையில் வாங்கிக்கொண்டு புதியவை கொடுங்கள், வாங்கியவற்றை இரத்து என்று எழுதி அடிக்கட்டையோடு ஒட்டிவையுங்கள்.

அடுத்தது டிசம்பர் 31 பிற்பகல் வங்கியில் போட்ட 25,000 ரூபாக் காசோலை. காசேட்டில் 31 ஆம் திகதி ஏறியிருக்கிறது, கூற்றில் அந்த மாதம் இல்லை. இது நேரத்தால் வந்த வித்தியாசம், இணக்கக் கூற்றில் காட்டினால் போதும். ஒரு எச்சரிக்கை மட்டும். இலங்கையில் காசோலைகள் படமாக எடுக்கப்பட்டு முன்பு லங்காகிளியர் என்றிருந்த லங்காபே நிறுவனத்தின் ஊடாகத் தீர்க்கப்படுவதால், போட்ட காசோலை அடுத்த வேலை நாளிலேயே பெரும்பாலும் தெரியும். ஜனவரி 2, 3 ஆம் திகதிகளுக்குள் அது கூற்றில் வரவில்லை என்றால் "தேறாத வைப்பு" என்று எழுதிவிட்டு இருக்கவேண்டாம், வைப்புச் சீட்டுடன் கிளைக்குப் போங்கள்.

லண்டன் காசுக்கு வருகிறேன். கூற்றில் ஒக்டோபர் 14 இல் 68,400 என்று இருக்கிறது. இதை அப்படியே நன்கொடை என்று எழுதினாலும் ஒரு குறை உண்டு. கிளையில் கேட்டு வரவு அறிவித்தலை எடுத்தீர்கள் என்று எழுதியிருந்தீர்கள், நல்லது. அதில் 69,900 வந்து 1,500 தரகு கழிந்திருக்கிறது. கணக்கில் நன்கொடை 69,900, வங்கிக் கட்டணம் 1,500 என்று இரண்டாகப் போடவேண்டும். வங்கி மீதி இரண்டு வழியிலும் ஒன்றுதான், ஆனால் கொடுத்தவர் கூட்டத்தில் வாசிக்கப்படும் பட்டியலில் தன் பெயருக்கு எதிரே குறைந்த தொகையைப் பார்த்தால் கேள்வி வரும். வெளிநாட்டுக் காசு வருகிற நிதியங்களில் பாதிச் சண்டை இந்தத் தரகால்தான்.

பற்றுச்சீட்டு அப்போது எழுதப்படவில்லை. இப்போது எழுதுங்கள், இன்றைய திகதியில், இப்போது நடக்கும் புத்தகத்தின் அடுத்த இலக்கத்தில். "14.10.2024 இல் வங்கிக்கு நேரடியாக வந்தது" என்று விவரத்தில் குறித்தால் 2024 வருமானத்தில் சேர்க்க அது போதும். பழைய புத்தகத்தில் வெறுமையாக விடுபட்ட ஒரு தாளைத் தேடி ஒக்டோபர் திகதி போட்டு எழுதவே கூடாது. கணக்காய்வாளர் அதைக் கண்டால் அந்தப் புத்தகம் முழுவதையும் சந்தேகிப்பார், அதில் நியாயமும் இருக்கிறது. இன்னொன்று, அனுப்பியவர் குறிப்பிட்ட ஒரு வேலைக்கென்று அனுப்பினாரா என்று கேளுங்கள். நூலகத்துக்கு என்று அனுப்பியிருந்தால் பொது நன்கொடையோடு கலக்காமல் தனியாகக் காட்டவேண்டும்.

திரும்பிய காசோலை ஒன்றும் இருக்கிறது. செப்டெம்பர் 5 இல் 15,000 ரூபா நன்கொடைக் காசோலை வைப்பிலிட்டு, மறுநாளே வங்கி அதே தொகையைக் கழித்திருக்கிறது. சரி போடும்போது வரவைச் சரி போட்டுவிட்டுக் கழிவைப் பார்க்காமல் விடுவது வழமை, உங்களுக்கு முந்தியவருக்கும் அதுதான் நடந்திருக்கிறது. காசேட்டில் 15,000 ஐக் கொடுப்பனவுப் பக்கத்தில் "மறுக்கப்பட்ட காசோலை" என்று எழுதி நன்கொடையிலும் குறைக்கவேண்டும். ஏற்கெனவே கொடுத்த பற்றுச்சீட்டின் அடிப்பிரதியைக் கிழிக்காமல் அதன் மேல் "மறுக்கப்பட்டது, 06.09.2024" என்று எழுதி வங்கியின் திருப்புச் சீட்டை இணையுங்கள். காசோலை தந்தவரிடம் பிறகு யாராவது காசாக வாங்கினார்களா என்று கட்டாயம் கேளுங்கள். வாங்கியிருந்தால் அதற்குப் புதிய பற்றுச்சீட்டு இருக்கவேண்டும்.

சான்றிதழ் அச்சடித்த செலவு வவுச்சரில் 18,500, கூற்றிலும் 18,500, காசேட்டில் 15,800. எண் இடம் மாறி எழுதப்பட்டிருக்கிறது, 2,700 குறைய எழுதியிருக்கிறார்கள். ஒன்பதால் மிச்சமின்றிப் பிரிபடும் தனி வித்தியாசம் வந்தால் முதலில் இப்படியான இடத்தைத் தேடுங்கள். பிழையான எண்ணை வெள்ளை மை பூசி அழிக்காமல் ஒரு கோடு போட்டு, மேலே சரியானதை எழுதி, சுருக்கொப்பம் வையுங்கள்.

மிஞ்சியிருப்பது தொகையில் சிறியது, ஆனால் நான் அதிகம் யோசித்தது அதைப் பற்றித்தான்.

ஓகஸ்ட் 17 சனிக்கிழமை பரிசளிப்பு விழா. அன்று சேர்ந்த காசுக்கு 0411 இல் இருந்து 0436 வரை பற்றுச்சீட்டு எழுதியிருக்கிறார்கள், மொத்தம் 41,200 ரூபா. மறு திங்கள் போயா விடுமுறை, 20 ஆம் திகதி செவ்வாய்தான் காசு வங்கிக்குப் போயிருக்கிறது. காசேட்டில் அன்றைய வைப்பு 41,200. கூற்றில் 36,000. வைப்புச் சீட்டின் அடிப்பிரதியிலும் 36,000 தான். அதாவது எழுதியவர் வைப்புச் சீட்டைப் பார்க்காமல் பற்றுச்சீட்டுகளைக் கூட்டி வைப்பு என்று எழுதியிருக்கிறார். மூன்று நாள் கையில் இருந்த காசில் 5,200 ரூபா வங்கிக்குப் போகவில்லை.

எங்கேயும் ஏறாமல் கிடக்கும் உங்கள் 4,000 ரூபாக் கதிரை வாடகை வவுச்சரின் திகதியைப் பாருங்கள். ஓகஸ்ட் 17. கதிரைக்காரர் இரவே காசு கேட்டிருப்பார், சேர்ந்த காசில் இருந்து கொடுத்திருப்பார்கள். இதைக் களவு என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் சேர்ந்த காசில் இருந்து நேரே செலவழிக்கும் பழக்கம்தான் ஊர்ச் சங்கங்களின் கணக்கைக் கெடுக்கிறது. வந்தது முழுவதும் வங்கிக்குப் போகவேண்டும், செலவு வங்கியில் இருந்தோ சில்லறைக் காசில் இருந்தோ வரவேண்டும். அப்படி இருந்தால்தான் பற்றுச்சீட்டு மொத்தத்தை வைப்போடு ஒப்பிட்டுப் பார்க்க முடியும்.

பதியும் விதம் இது. அந்த வவுச்சரை வங்கி நிரலில் செலவாக எழுதிவிடாதீர்கள், அந்தக் காசு வங்கியில் இருந்து போகவில்லை. காசு வரவு 41,200 என்று முழுவதையும் காட்டுங்கள். அதில் வங்கிக்கு 36,000, கதிரை வாடகைக்குக் காசாக 4,000. வங்கி நிரலில் 5,200 குறையும். மீதி 1,200 ரூபாவுக்குத் தாள் எதுவும் இல்லை. தேநீருக்கோ ஒலிபெருக்கிக்காரருக்கோ கொடுத்திருக்கலாம், முந்திய பொருளாளரிடம் மரியாதையாகக் கேளுங்கள். பில் கிடைத்தால் வவுச்சர் எழுதி நிர்வாக சபையில் அங்கீகாரம் எடுங்கள், கிடைக்காவிட்டால் காசைக் கேளுங்கள். இரண்டும் நடக்கும்வரை "முன்னாள் பொருளாளரிடம் பெறவேண்டியது 1,200" என்றுதான் கணக்கில் நிற்கவேண்டும். "பல்வகைச் செலவு" என்ற தலைப்பு இதற்காக ஏற்பட்டதல்ல.

இப்போது எழுதிப் பார்ப்போம். காசேட்டில் முதலில் திருத்தவேண்டியவை:

காசேட்டின்படி மீதி: 412,640
கூட்டு: லண்டன் நன்கொடை (தரகு போக) 68,400
கூட்டு: காலாவதியான காசோலைகள் 20,000
கழி: வங்கிக் கட்டணம் 2,150
கழி: மறுக்கப்பட்ட காசோலை 15,000
கழி: சான்றிதழ்ச் செலவு குறைய எழுதியது 2,700
கழி: ஓகஸ்ட் 20 வைப்புக் குறைவு 5,200
திருத்திய காசேட்டு மீதி: 475,990

இணக்கக் கூற்று:

வங்கிக் கூற்றின்படி மீதி: 480,990
கழி: முன்னிலைப்படுத்தப்படாத காசோலைகள் (3) 30,000
கூட்டு: தேறாத வைப்பு 25,000
திருத்திய காசேட்டு மீதி: 475,990

ஆண்டுக் கணக்கில் வங்கி மீதியாக வரவேண்டியது 475,990. செயலாளர் சொன்னபடி முடித்திருந்தால் 480,990 என்று காட்டியிருப்பீர்கள். ஐயாயிரம் ரூபாதான் வித்தியாசம் என்று தோன்றும். ஆனால் வராத 15,000 நன்கொடையாக வாசிக்கப்பட்டிருக்கும், இரண்டு பிள்ளைகளுக்குக் கொடுக்காத 20,000 கொடுத்ததாக வாசிக்கப்பட்டிருக்கும், ஓகஸ்ட் மாத 5,200 ரூபாவைப் பிறகு எவரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

இந்த இணக்கம் காட்டாத ஒன்றும் உண்டு. பற்றுச்சீட்டே எழுதாமல் வாங்கிய காசு காசேட்டிலும் இருக்காது, கூற்றிலும் இருக்காது. இரண்டும் அழகாகப் பொருந்தும். அதற்கு வழி பற்றுச்சீட்டுப் புத்தகங்கள்தான். அச்சடித்தவை எத்தனை, யார் யாரிடம் கொடுக்கப்பட்டன, திரும்பி வந்தவை எத்தனை என்று எழுதுங்கள். இலக்கம் தொடர்ச்சியாக இருக்கிறதா, இரத்துச் செய்த ஒவ்வொன்றுக்கும் மூலமும் அடிப்பிரதியும் சேர்ந்தே புத்தகத்தில் இருக்கின்றனவா என்று தாள் தாளாகப் பாருங்கள். அடிப்பிரதி மட்டும் இருந்து மூலம் இல்லாத "இரத்து" ஒன்று அகப்பட்டால், அந்த மூலம் யாருடைய கையிலோ இருக்கிறது. உங்கள் படங்களில் மூன்று புத்தகங்களின் தாள்கள்தான் தெரிகின்றன. நான்காவது வெளியூர்ச் சேகரிப்புக்குப் போனதாகக் குறிப்பு இருக்கிறது. அது கைக்கு வரும்வரை கணக்கில் ஒப்பமிட வேண்டாம்.

கணக்காய்வாளரிடம் போகும்போது டிசம்பர்க் கூற்றோடு ஜனவரிக் கூற்றையும் கொண்டுபோங்கள். மூன்று காசோலைகளும் 25,000 ரூபா வைப்பும் உண்மையில் வந்ததை அதில்தான் காட்டலாம். தொலைபேசித் திரையைப் படம் எடுத்துக் கொடுப்பதை ஏற்கமாட்டார்கள். டிசம்பர் 31 மீதியை உறுதிப்படுத்தும் கடிதத்தைக் கிளையிடம் எழுத்தில் கேளுங்கள். அதற்கும் கட்டணம் எடுப்பார்கள், அதை எடுத்த திகதியிலேயே 2025 காசேட்டில் எழுதிவிடுங்கள்.